மேட்டில் இழுக்காத ஆட்டோ: சூடா, பெட்ரோலா, டைமிங்கா?

"ஏத்தத்துல வண்டி இழுக்க மாட்டேங்குதுங்கண்ணா. பத்து நிமிசம் ஆறவிட்டா மறுபடி நல்லாப் போகுது. இன்ஜின் சூடாயிருதுங்க."

மேட்டுப்பாளையம், வத்தலக்குண்டு போன்ற மலையடிவார ஊர்களில் எந்த மெக்கானிக் கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தாலும் இந்த மூன்று வாக்கியங்கள் காதில் விழும். முதல் இரண்டும் ஓட்டுநர் கண்ணால் கண்டவை. மூன்றாவது அவராக எடுத்த முடிவு. ஆயிலை மாற்றுவது, ரிங் போடுவது, போர் செய்வது, டைமிங்கை ஏற்றி வைப்பது என்று பணம் கரைவதெல்லாம் அந்த மூன்றாவது வாக்கியத்தை நம்பித்தான்.

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தும் அந்தப் பத்து நிமிடத்தில் நடப்பது ஒன்றல்ல, இரண்டு. இன்ஜின் ஆறுகிறது. கூடவே, கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல் மறுபடி நிரம்புகிறது. மறுபடி கிளம்பும்போது வண்டி நன்றாக இழுத்தால், அதற்குக் காரணம் ஆறியதா, நிரம்பியதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்கலாம். சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஆட்டோ லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒரு லிட்டர் செலவு. நிமிடத்துக்குச் சுமார் 17 மில்லி. அதே வண்டி மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது. அங்கே லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. அப்படியானால் மணிக்கு இரண்டரை லிட்டர், நிமிடத்துக்குச் சுமார் 42 மில்லி. வேகம் குறைந்திருக்கிறது, பெட்ரோல் தேவையோ இரண்டரை மடங்காகியிருக்கிறது.

கார்புரேட்டர் வைத்த ஆட்டோவில் பெட்ரோலைத் தள்ளிவிடப் பம்ப் எதுவும் கிடையாது. டேங்கிலிருந்து அது தன் எடையால் இறங்கி, டேப், ஃபில்டர், ரப்பர் ஓஸ் வழியாகக் கிண்ணத்துக்கு வந்து சேருகிறது. கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட், பெட்ரோல் குறிப்பிட்ட மட்டத்துக்கு வந்ததும் ஊசியை மேலே தள்ளி வாயை அடைக்கும். மட்டம் இறங்கினால் திறக்கும். ஜெட் அந்தக் கிண்ணத்திலிருந்துதான் உறிஞ்சுகிறது. கிண்ணத்தில் உள்ள சரக்கு அதிகமில்லை. இந்த அளவு வண்டிகளில் இருபது, இருபத்தைந்து மில்லி என்று கொள்ளலாம்.

இப்போது ஃபில்டரில் பாதி அடைப்பு, நிமிடத்துக்கு 30 மில்லிதான் இறங்குகிறது என்று வையுங்கள். ஊருக்குள் ஓட 17 மில்லி போதும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் நிற்கும், பிக்கப்பும் இருக்கும். மேடு ஏறத் தொடங்கியதும் நிமிடத்துக்கு 12 மில்லி பற்றாக்குறை. கிண்ணத்து இருப்பை வைத்து இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. அந்த வேகத்தில் அது ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். முதல் வளைவு வரை சிங்கம்போல் ஏறிய வண்டி இரண்டாவது வளைவில் திணறுகிறது என்று ஓட்டுநர் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். நிறுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் கிண்ணம் நிரம்பிவிடும். மீதி ஒன்பது நிமிடமும் வீணான காத்திருப்பு.

அப்படியென்றால் அந்த வண்டி சூடாகவில்லையா? ஆகும், கைவைக்க முடியாத அளவுக்கே ஆகும். ஓட்டுநர் சொன்னது பொய்யில்லை, காரணமும் விளைவும்தான் இடம் மாறிவிட்டன. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று போதும். ஆனால் முழு இழுவை வேண்டுமென்றால் பன்னிரண்டரை, பதின்மூன்று பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று சற்றுக் கொழுப்பாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கிண்ணத்தில் மட்டம் இறங்கினால் ஜெட்டுக்கு ஏறும் பெட்ரோல் குறைந்து கலவை மெலிகிறது. மெலிந்த கலவை மெதுவாக எரியும். பிஸ்டன் கீழே போன பிறகும் எரிந்துகொண்டிருப்பதால் தள்ள வேண்டிய சக்தி சிலிண்டர் சுவருக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சூடாகப் போகிறது. இழுவை குறைந்ததென்று ஓட்டுநர் ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்குவார். காற்று இன்னும் அதிகமாக உள்ளே போகும், பெட்ரோல் கூடாது. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. அங்கே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். மேட்டில் பிஸ்டன் ஜாம் ஆவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இனி, ஆறியதா நிரம்பியதா என்று எப்படிப் பிரிப்பது? வண்டி திணறி நிற்கப்போகும் இடத்திலேயே ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, ஒரே ஒரு நிமிடம் மட்டும் காத்திருங்கள். பத்து நிமிடம் வேண்டாம். ஒரு நிமிடத்தில் இன்ஜின் ஆறவே ஆறாது. ஆட்டோவின் கூலிங் ஃபேன் மேக்னட்டோடு சேர்ந்து சுற்றுவது, இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆகவே சூடு அப்படியே இருக்கும், கிண்ணம் மட்டும் நிரம்பியிருக்கும். உடனே கிளப்பி அதே மேட்டில் ஏறுங்கள். பழையபடி இழுத்து, அதே போலக் கொஞ்ச தூரத்தில் மறுபடி திணறினால் குறை பெட்ரோல் வரத்தில். ஒரு நிமிடம் கழித்தும் இழுக்கவில்லை, ஆற ஆறத்தான் சரியாகிறது என்றால் வேறு பக்கம் தேட வேண்டும். ஸ்டார்ட்டே ஆகவில்லையென்றால், சூட்டோடு சூடாகப் ப்ளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள். பெட்ரோல் கசிவு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். இக்னிஷன் காயிலோ பிக்கப் காயிலோ சூட்டில் மட்டும் அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் குறை உண்டு. ஆறிய வண்டியில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் இரண்டு சந்தேகங்களை நீக்கிவிட வேண்டும். மேட்டில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பின்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி நியூட்ரலில் கையால் சுற்றினால் இறுக்கமாக இருக்கிறது என்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவற்றுக்கும் கார்புரேட்டருக்கும் சம்பந்தமில்லை.

மேட்டுப்பாளையத்தில் ஒரு கடைக்கு வந்த வண்டியைச் சொன்னால் விஷயம் தெளிவாகும். 200 சிசிக்கு நெருங்கிய ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் ஆட்டோ. ஊருக்குள் எந்தத் தொல்லையும் இல்லை. குன்னூர்ச் சாலையில் கல்லாறு தாண்டி ஏறத் தொடங்கியதும் திணறும். இதற்கு முன்பு பார்த்தவர்கள் ஃபில்டர் மாற்றியிருந்தார்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் காற்றடித்திருந்தார்கள், டைமிங்கையும் ஏற்றி வைத்திருந்தார்கள். ஓட்டுநர் சொன்னதில் ஒரு வாக்கியம்தான் புதிது. "ஃபுல் டேங்க் போட்டுட்டு ஏறுனா சீக்கிரமே நிக்குதுங்க. பாதி டேங்க்ல கொஞ்சம் தள்ளி நிக்குது." டேங்கில் நிறைய இருந்தால் பெட்ரோல் நன்றாகத்தானே இறங்க வேண்டும்?

முதலில் வரத்தை அளந்தார்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பக்கத்தில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டு, கார்புரேட்டரில் சேரும் ஓஸைக் கழற்றி அளவுக் கோடு போட்ட பாட்டிலுக்குள் விட்டு, டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் பிடிப்பது. ஒரே சீராக விழுந்தது, ஒரு நிமிடத்தில் 200 மில்லிக்குக் குறைவில்லை. தேவை 42 என்றால் இது தாராளம். குறை பெட்ரோலில் இல்லை என்று அங்கேயே முடிவுகட்டியிருப்பார்கள். ஆனால் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கழற்றிய டேங்க் மூடி பெஞ்சின்மேல் இருந்தது. மூடியை இறுக்கிவிட்டு மறுபடி பிடித்தபோது முதலில் நன்றாக வந்தது, அரை நிமிடத்தில் மெலிந்தது, பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கியது. மூடியைத் தளர்த்தியதும் உஸ் என்று ஒரு சத்தம், மறுபடி முழுத் தாரை.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்காது, இரண்டாவது ஓட்டை போட்டால்தான் இறங்கும். டேங்க் மூடியில் இருக்கும் மிகச் சின்னத் துளை அந்த இரண்டாவது ஓட்டை. வெளியேறிய பெட்ரோலின் இடத்துக்கு அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். இந்த வண்டியில் தூசியும் கிரீஸும் சேர்ந்து அது கிட்டத்தட்ட அடைந்துபோயிருந்தது.

ஃபுல் டேங்க் புதிரும் இதில் அவிழ்கிறது. டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே முப்பது சென்டிமீட்டர் உயரம் இருந்தால், அந்தப் பெட்ரோல் கொடுக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் வெறும் நூற்றில் இரண்டு பங்கு. டேங்கின் உள்ளே காற்றின் அழுத்தம் அந்த இரண்டு பங்கு குறைந்தாலே வரத்து நின்றுவிடும். டேங்கில் 4 லிட்டர் காலியிடம் இருந்தால் அந்த அளவு குறைய 80 மில்லி பெட்ரோல் வெளியேற வேண்டும். முழுக்க நிரப்பி அரை லிட்டர் காலியிடம் மட்டும் இருந்தால் 10 மில்லியே போதும். அடைப்பு முழுதாக இல்லாமல் காற்று மெல்லக் கசிந்தால் இரண்டு வண்டிக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும், ஆனால் முந்துவது ஃபுல் டேங்க்தான். ஃபில்டர் அடைப்பில் இந்த வேறுபாடு வராது. சொல்லப்போனால் டேங்கில் மட்டம் இறங்க இறங்கத்தான் அது மோசமாகும். ஓட்டுநர் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியத்தில் விடை இருந்தது. அதனால்தான் வண்டியைக் கழற்றுவதற்கு முன் ஓட்டுநரை நன்றாகப் பேசவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூடியின் துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார்கள். செலவு ஒன்றுமில்லை. ஆனால் வேலை அதோடு முடியவில்லை. முன்பு ஒருவர் ஏற்றி வைத்த டைமிங் இன்னும் அப்படியே இருந்தது.

டைமிங்கைப் பற்றி நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேட்டில் இழுக்கவில்லை என்றதும் நிறைய கைகள் முதலில் போவது அங்கேதான். ப்ளக்கில் பொறி விழுந்ததும் பெட்ரோல் ஒரே நொடியில் வெடித்துவிடுவதில்லை. தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவ வேண்டும். அதற்குள் பிஸ்டன் நகர்ந்துவிடும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில டிகிரி முன்னாலேயே பொறி விழுந்தாக வேண்டும். அழுத்தம் அதிகபட்சத்தை எட்டும் கணம், பிஸ்டன் உச்சியைத் தாண்டிப் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிய இடத்தில் அமைந்தால் தள்ளுதல் முழுதாகக் கிடைக்கும். வேகமாகச் சுற்றும்போது முன்கூட்டியே பொறி வேண்டும். மெதுவாகச் சுற்றும்போது, அதுவும் ஆக்சிலேட்டர் முழுதாகத் திறந்திருக்கும்போது, அவ்வளவு முன்னால் வேண்டாம். மேடு ஏறுவது இந்த இரண்டாவது நிலைதான்.

பொறி தாமதமானால் பெட்ரோல் எரிந்து முடியாமலே எக்ஸாஸ்டுக்குப் போகும். சைலன்சரின் கழுத்து இருட்டில் பார்த்தால் சிவந்து தெரியும், ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் வெடிக்கும், இன்ஜினும் சூடாகும். பொறி மிகவும் முந்தினால், மேலே ஏறிவரும் பிஸ்டனை எரிந்த வாயு எதிர்த்துத் தள்ளும். மேட்டில் ஆக்சிலேட்டரைக் கொடுக்கும்போது உலோகத்தில் தட்டுவதுபோல் "டக்டக்" என்று கேட்பது அப்போதுதான். அந்தத் தட்டல் ஒரு சாலையில் தொடர்ந்தாலே பிஸ்டனின் தலையை அரித்துவிடும்.

டைமிங்கை ஏற்றினால் சமதளத்தில் வண்டி சுறுசுறுப்பாகத் தெரியும் என்பது உண்மை. கடைவாசலில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினால் ஓட்டுநரும் திருப்தியாகப் போய்விடுவார். மலையில் மெலிந்த கலவையும் முந்திய பொறியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அந்தச் சுற்றில் தெரியாது.

டைமிங் குறையை அடையாளம் காண ஒரு நல்ல வழி, அது எப்போது தொடங்குகிறது என்று கேட்பது. டைமிங் தவறாக இருந்தால் முதல் கஜத்திலிருந்தே வண்டி மந்தமாகவோ தட்டலோடோ இருக்கும். காலையில் ஆறிய இன்ஜினிலும் மேட்டில் இழுக்காது. கொஞ்ச தூரம் நன்றாக ஏறிவிட்டுப் பிறகு விழும் வண்டிக்கு டைமிங்கைக் குறைசொல்ல முடியாது. சிடிஐ வந்த பிறகு டைமிங் தானாக மாறுவதும் அரிது. மாறினால் காரணம் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்று. மேக்னட்டை ஷாஃப்டில் பூட்டும் சின்னச் சாவி வெட்டுப்பட்டு மேக்னட் சில டிகிரி நழுவியிருக்கும். யாராவது பிளேட்டைத் திருப்பி வைத்திருப்பார்கள். அல்லது அந்த மாடலுக்கு உரியதல்லாத சிடிஐயைப் பொருத்தியிருப்பார்கள். பாயின்ட் வைத்த பழைய வண்டியில் மட்டும் பாயின்ட்டின் ஃபைபர் கால் தேயத் தேய இடைவெளி குறைந்து பொறி தாமதமாகிக்கொண்டே வரும். எதுவானாலும் சரிபார்க்க வேண்டியது டைமிங் லைட் வைத்து, மேக்னட்டில் உள்ள குறிக்கு. காதால் கேட்டு வைப்பது மலைக்கு உதவாது. இந்த வண்டியில் பிளேட்டைக் குறிக்குத் திரும்பக் கொண்டுவந்ததும் தட்டல் நின்றது.

உண்மையிலேயே சூட்டினால் திணறும் வண்டிகளும் உண்டு. அவற்றில் பலவற்றுக்குக் காரணம் கியர். கூலிங் ஃபேன் இன்ஜின் வேகத்தில் சுற்றுவது, வண்டி வேகத்தில் அல்ல. மேட்டில் மூன்றாவது கியரிலேயே முக்கிக்கொண்டு போனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். பெட்ரோல் எரிவது அதிகம், ஃபேன் தள்ளும் காற்றோ குறைவு. இரண்டாவதுக்கு இறக்கினால் சத்தம் கூடும், அதோடு காற்றும் கூடும். சத்தத்தைக் கேட்டு இன்ஜின் சிரமப்படுகிறது என்று நினைத்துப் பெரிய கியரில் வைத்திருப்பவர்கள்தான் இன்ஜினைச் சுடவைக்கிறார்கள். அந்தக் காற்று ஃபின்களுக்கு நடுவே போக வேண்டுமென்றால் சிலிண்டரை மூடியிருக்கும் தகர உறை இடத்தில் இருக்க வேண்டும். ரிப்பேருக்குக் கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் விட்ட வண்டிகள் ஏராளம். ஆயிலும் மண்ணும் கட்டிப்போன ஃபின்களையும் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் ஓஸ் சைலன்சரை உரசிக்கொண்டு போனால் உள்ளேயே பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு இன்னொரு சிக்கல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் ஜெட் மாறாமலே கலவை சற்று மெலிகிறது. முன்பு விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த வண்டி இப்போது மேட்டில் காட்டிக்கொடுக்கும். டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கினால் எத்தனால் அதோடு சேர்ந்து கீழே படிவதும் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 பெட்ரோல் ஆட்டோக்களில் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டதால் இந்தக் கிண்ணத்துக் கதை பொருந்தாது. அவற்றில் பம்பின் அழுத்தத்தை அளக்க வேண்டும்.

கடைசியாக, உயரம். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், குன்னூர் நிலையம் 1,700 மீட்டருக்கு மேல். குன்னூரில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, இழுவையும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். எந்த மெக்கானிக்காலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. காற்று மெலியும்போது கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைப்பதில்லை என்பதால் கலவை கொழுக்கும். ஆகவே கல்லாறு பக்கம் திணறும் வண்டியின் ப்ளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிம்ஸ் பூங்கா ஏறும் மேட்டில் திணறும் வண்டியின் ப்ளக் கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதல். நல்ல ப்ளக்கின் மூக்கு இளம் பழுப்பில் இருக்கும். பார்ப்பதானால் மேட்டில் முழு ஆக்சிலேட்டரில் போகும்போதே இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்து ஓரங்கட்டி, ஆறியதும் அங்கேயே கழற்றிப் பார்க்க வேண்டும். ஐடிலில் ஓட்டிவிட்டுப் பார்த்தால் எல்லாப் ப்ளக்கும் கறுப்புதான்.

குன்னூரிலேயே நிரந்தரமாக ஓடும் வண்டிக்கு ஸ்லைடு ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினால் ஊசி சற்று இறங்கிக் கலவை ஒத்துவரும். மேலும் கீழுமாக ஓடும் வண்டிக்கு அப்படிச் செய்யக் கூடாது. அந்த வண்டியை விற்று, வாங்கியவர் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனாலும் கிளிப்பை முதலில் பழைய பள்ளத்துக்கு மாற்றியாக வேண்டும்.